‘இன்னிக்காவது’ என்று தொடங்கிய சண்டை

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். பூலாவ் இண்டாவில் இருக்கும் மேற்குத் துறைமுகத்தில் கொள்கலனை ஏற்றி, புக்கிட் ராஜா, ஷா ஆலாம் பக்கத்துக் கிடங்குகளில் இறக்குவது வேலை. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் டிரிப் கணக்கு. துறைமுக வாசலில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றாலும் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. மேருவில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவர் வந்து சேர இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். நான் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகள் இரண்டாம் படிவம், மகன் ஐந்தாம் ஆண்டு.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடக் காரணம், அவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். அதனால்தான் என் குறையை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் சொன்னால், “தங்கமான மனுசனுக்கு என்னடி குறை?” என்பார். குறை இருந்தது. அந்த வீட்டில் நான் இருப்பதே அவருக்குத் தெரிகிறதா என்ற சந்தேகம் எனக்கு ஒரு வருடமாகவே இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மார்பில் ஒரு கட்டிக்காகக் கிள்ளானில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தேன். தனியாகத்தான் போனேன். அன்றிரவு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, “ஒண்ணும் இல்லையாம்” என்றேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரிம்மா, ஊறுகாய் இருக்கா?” என்றார்.

ஊறுகாயை எடுத்து வைத்தேன். அதன் பிறகு பதினோரு நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு அவர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தேன்.

“இன்னிக்காவது வீடு எங்க இருக்குன்னு ஞாபகம் வந்துச்சே!”

“ஆரம்பிச்சிட்டியா?”

“நான் பேசினாலே ஆரம்பிச்சிட்டேன்னுதான் சொல்வீங்க. ஒரு வார்த்தைகூட என்னைப் பத்திக் கேட்கத் தோணல. உங்களுக்கு எங்க நேரம்? அந்தப் போனுக்குத்தான் நேரம்.”

“யாருக்காக இப்படி ஓடுறேன்? வீட்டுக் கடனை நீயா கட்டுற?”

அதற்கு நான் என் சம்பளத்தைச் சொன்னேன். அவர் என் தம்பிக்குக் கொடுத்த கடனைச் சொன்னார். நான் அவருடைய அக்கா என் கல்யாணப் புடவையைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். சோற்றைச் சூடாக்க மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்திருந்தேன். அது மணியடித்தபோது சண்டை முடிந்து அவர் போர்ச்சில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் என்ற சொல் அந்தச் சண்டையில் ஒருமுறைகூட வரவில்லை. பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை மகள் மூலமாக நடந்தது. “அப்பாவைச் சாப்பிடச் சொல்லு.” “அம்மாகிட்ட பசி இல்லைன்னு சொல்லு.”

எங்கள் தாமானில் ஓர் அக்கா இருக்கிறார். இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் பூத்தொடுக்கும்போது அவரிடம்தான் இதைச் சொன்னேன். அறிவுரை சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“சண்டை எதைப் பத்தி?”

“அவர் என்னைக் கண்டுக்கிறதே இல்லைக்கா.”

“அது தீர்ப்பும்மா. நடந்தது என்ன? எந்த நாள், எத்தனை மணிக்கு, நீ என்ன சொன்ன, அவர் என்ன சொன்னாரு? அதை எழுதிட்டு வா. இன்னொண்ணும் எழுது. அந்த நேரத்துல அவர் என்ன செஞ்சிருந்தா உனக்குப் போதும்னு இருந்திருக்கும்?”

முதல் கேள்விக்கு ஊறுகாய்க் கதையை அப்படியே எழுதினேன். இரண்டாவதற்கு மூன்று நாள் பிடித்தது. ‘அன்பாக இருந்திருக்க வேண்டும்’ என்று எழுதிக்கொண்டு போனேன். “அன்பா இருக்கிறதை வீடியோ எடுத்தா அதில என்ன தெரியும்?” என்று கேட்டார் அக்கா. யோசித்துப் பார்த்தேன். கைப்பேசியைக் கீழே வைப்பது தெரியும். என் முகத்தைப் பார்த்து, “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்பது தெரியும். அவ்வளவுதான். ஒரு வருட ஏக்கத்தைப் பிழிந்து பார்த்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற ஒரு காரியம் நின்றது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எழுதியதைப் படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் அவரிடம் சொன்னது இரண்டே சொல். “ஒண்ணும் இல்லையாம்.” எது ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. பயந்தேன் என்றோ, கிளினிக் நாற்காலியில் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன் என்றோ சொல்லவில்லை. ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவர் தானாக நுழைகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதனால் அவர்மீது தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊறுகாய் ஊறுகாய்தான். ஆனால் பாதி எங்கே போனது என்று தெரிந்தது.

அடுத்து அக்கா காட்டியது என் வாய்ப்பேச்சை. சண்டையில் நான் சொன்ன வரிகளையும் எழுதியிருந்தேன். அவர் பேனாவால் வட்டம் போட்ட இடங்களெல்லாம் துண்டுச் சொற்கள்: இன்னிக்காவது, ஒரு வார்த்தைகூட, எங்க நேரம், போனுக்குத்தான். தமிழில் குத்தல் பெரும்பாலும் இந்த ஒட்டுகளில்தான் ஒளிந்திருக்கிறது. ‘இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க’ என்றால் செய்தி. ‘இன்னிக்காவது சீக்கிரம் வந்தீங்களே’ என்றால் இத்தனை நாளும் வராததற்கான குற்றப்பத்திரிகை. நல்ல சொல்தானே சொன்னேன், ஏன் சீறுகிறார் என்று நாம் நினைப்போம். அவர் காதில் விழுந்தது அந்த ‘ஆவது’.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. புறக்கணிக்கப்படுவதைச் சொல்ல நம் வீட்டுத் தமிழில் இருக்கும் வாக்கியமெல்லாம் எதிராளியை எழுவாயாக வைத்துத்தான் நிற்கும். ‘நீங்க கண்டுக்க மாட்டேங்கிறீங்க’, ‘நீங்க மதிக்கிறதில்லை’, ‘நீங்க மாறிட்டீங்க’. வாயைத் திறந்தாலே அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். கூண்டில் ஏற்றப்பட்டவர் ஆறுதல் சொல்வாரா? வாதாடத்தான் செய்வார். அதே தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களும் இருக்கின்றன. எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது, எனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தனியா இருக்கிற மாதிரி இருக்கு. இவற்றை மறுத்துப் பேச முடியாது. ‘உனக்குப் பசிக்கவில்லை’ என்று யாரும் வாதாட முடியுமா?

இதில் ஒரு போலியும் உண்டு, எச்சரிக்கை. ‘எனக்கு என்ன தோணுதுன்னா, நீங்க என்னை ஒரு மனுசியாவே நினைக்கலை’ என்று ஆரம்பித்தால் அது பழைய குற்றப்பத்திரிகைக்குப் புது உறை. முதல் ஒத்திகையில் நான் சொன்னது அதேதான். அக்கா சிரித்தார். ‘எனக்கு’க்குப் பிறகு ஓர் உணர்ச்சி வரவேண்டும், ‘நீங்க’ வந்தால் திரும்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மைக்ரோவேவ் கதையைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் செய்த ஓர் ஆய்வைச் சொன்னார். சிபில் காரெருடன் சேர்ந்து அவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு அது. புதிதாக மணமான 124 தம்பதிகளை, தங்களுக்குள் பிணக்கு உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். பின்னால் பிரிந்தவர்களுக்கும் சேர்ந்திருந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பேச்சின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தெரிந்ததாம். கடுமையாகத் தொடங்கிய பேச்சு இனிமையாக முடிவது அபூர்வம். அதை வைத்து ஒரு தம்பதியின் எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா என்பதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு என்பதையும் அவரே சொன்னார். எனக்கு எதிர்காலம் வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதும் என்றேன்.

காட்மன் சொல்லும் இன்னொன்றும் எனக்கு உதவியது. கோபத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது. அது அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். அதுவும் ‘அவர் என்ன சொன்னார், நான் என்ன சொல்லியிருக்கலாம்’ என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் அடங்காது. என் கணவர் போர்ச்சுக்குப் போனதை நான் அலட்சியம் என்று எண்ணியிருந்தேன். பின்னாலேயே போய்ப் பேசியும் இருக்கிறேன், பல முறை. நான் துரத்தத் துரத்த அவர் விலகுவார். அவர் விலக விலக நான் துரத்துவேன். அவர் ஓடியது என்னைவிட்டு இல்லை, பொங்கி வந்த தன் வாயைவிட்டுத்தானோ என்று அப்போதுதான் நினைத்தேன்.

பழைய ஆட்களுக்கு இது தெரியாதா என்றால், தெரிந்திருக்கிறது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் கணவன் மனைவி ஊடலைப் பற்றியவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. ஊடல் உணவில் உப்பைப் போல அளவோடு இருக்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். புலவி நுணுக்கத்தில் ஒரு வேடிக்கை வருகிறது. கணவன் தும்முகிறான், வாழ்த்திய மனைவியே, உன்னை யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த முறை தும்மலை அடக்குகிறான். யார் நினைப்பதை மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். படித்தபோது சிரித்தேன். பிறகு, எங்கள் வீட்டில் அவருக்குத் தும்மவும் வழியில்லை, அடக்கவும் வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பேசிய நாளுக்கு வருகிறேன். இரவு பத்து மணிக்குப் பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். பசி, தூக்கம், முதுகுவலி மூன்றும் அப்போது அவரோடு வீட்டுக்குள் நுழைகின்றன. ஞாயிறு காலைதான் அவருக்கு முழுத் தூக்கம் கிடைக்கும். ‘பேசணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மனிதர் இரவெல்லாம் எதையோ நினைத்துக் கவசம் மாட்டிக்கொள்வார். அதனால் சனிக்கிழமை இப்படிச் சொன்னேன்: “நாளைக்குக் கிள்ளானுக்குப் போறப்ப ஸ்கேன் எடுத்த நாளைப் பத்திக் கொஞ்சம் பேசணும். சண்டை இல்லை. பத்து நிமிஷம் போதும்.” அவர், “ம்” என்றார்.

பூவும் வாழையிலையும் வாங்க தெங்கு கிளானா சாலைக்குப் போவது எங்கள் பழைய வழக்கம். அது நின்றே வெகு நாளாகியிருந்தது. காடியில் பேசலாம் என்று நானாகத்தான் நினைத்தேன். இருவரும் சாலையைப் பார்த்திருப்போம். முகம் பார்த்துப் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும், அழுதால் அவர் பதறிப்போய் எதையாவது சொல்வார். ஜாலான் மேருவில் ஏறியதும் ஆரம்பித்தேன். ஐந்து வாக்கியம். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒளிப்பானேன்.

“ஸ்கேன் எடுத்த அன்னிக்கு எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. ராத்திரி நான் சொன்னப்ப நீங்க போனைப் பார்த்துட்டு இருந்தீங்க. எனக்குத் தனியா விட்ட மாதிரி ஆயிடுச்சு. உங்ககிட்ட உட்கார்ந்து பேசாம எனக்கு ஏக்கமா இருக்கு. வாரத்துல சில நாள், குளிச்சிட்டு வந்ததும் போனை உள்ள வெச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் என்கூட உட்காருவீங்களா?”

அவர் உடனே சொன்னது: “அப்ப நான் உன்னைக் கவனிக்கலைன்னு சொல்ற. ராத்திரி பகலா ஓடுறது கண்ணுக்குத் தெரியல.”

இந்த இடம்தான். இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஒன்பது பதில் இருந்தது, ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. நீங்கள் மென்மையாகத் தொடங்கினாலும் அவர் பழைய சண்டையின் இரண்டாவது வரியைத்தான் சொல்வார். இத்தனை வருடப் பழக்கம் அது. முதல் வாக்கியத்தை எல்லாரும் ஒத்திகை பார்ப்போம், இந்த இரண்டாவது பதிலைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அக்கா என்னைப் பார்க்க வைத்திருந்தார். அவர் சொல்வதில் உண்மையான பகுதியை ஒத்துக்கொள், மீதியைத் தொடாதே, கேட்டதை இன்னொரு முறை கேள், பிறகு வாயை மூடு.

“நீங்க ஓடுறது எனக்குத் தெரியுங்க. அதுல குறை சொல்லல. நான் கேட்கிறது அந்தப் பத்து நிமிஷம்தான்.”

வாயை மூடினேன். மூன்று சிவப்பு விளக்குகள் வந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. மௌனத்தில் ஏதாவது சொல்லி இட்டு நிரப்பாமல் இருப்பதுதான் அன்று நான் செய்ததிலேயே கடினமான வேலை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தேன். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் சொன்னார்:

“ஒண்ணும் இல்லைன்னு சொன்னியே. ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே நெனச்சேன்.”

கொஞ்சம் கழித்து, “கட்டி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். ஒரு மாதம் கழித்து வந்த கேள்வி. சொன்னேன். டாக்டர் சொன்னதை, ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் தன் பங்கைச் சொன்னார். இரவில் அவர் பார்க்கும் கைப்பேசியில் விளையாட்டு இல்லை; மறுநாள் டிரிப்களைப் பிரித்துக் கொடுக்கும் வாட்ஸ்அப் குழு. கேட்டவுடன் கை தூக்காவிட்டால் நல்ல டிரிப் வேறொருவருக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அதனால் பத்து நிமிடத்துக்குப் பேரம் நடந்தது. தினமும் முடியாது என்றார். டிரிப் பட்டியல் வந்து முடிந்த பிறகுதான் என்றார். வாரத்தில் மூன்று நாள், பத்தரைக்குள் வந்தால், என்று முடிந்தது. எனக்கு அது குறைவாகத்தான் பட்டது. ஆனால் அவர் வாயாலேயே வந்த மூன்று, நான் வற்புறுத்தி வாங்கிய ஏழைவிட நிற்கும் என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் வாரம் மூன்று நாளும் உட்கார்ந்தோம். இரண்டு நாள் பேச ஒன்றும் இல்லாமல் எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாரம் ஒரு நாள்கூட நடக்கவில்லை. நான் பழையபடி, “மூணு நாள்னு சொன்னதாவது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு, ‘ஆவது’ வெளியே போன பிறகு நாக்கைக் கடித்தேன். அவர் காலணியை மறுபடி மாட்டப் போனார். “இருங்க, தப்பாச் சொல்லிட்டேன், திரும்பச் சொல்றேன்” என்றேன். “இந்த வாரம் உட்காரலை. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.” அவர் நின்றார். அன்று உட்காரவில்லை, மறுநாள் உட்கார்ந்தோம்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பேசினால் அடி விழும் வீட்டில் மென்மையான தொடக்கம் ஒரு மருந்தும் இல்லை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு, அதற்கு 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. நல்ல மனிதராக இருந்து, எத்தனை முறை பதமாகக் கேட்டாலும் பதிலே வராத வீடும் உண்டு. அங்கே மனைவி இன்னும் இனிமையாகப் பேசப் பழகவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் தம்பதியருக்கு ஆலோசனைச் சேவை இருக்கிறது. மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் உட்காரவேண்டிய பேச்சு அது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேனுக்கு நாள் வந்தது. இந்த முறை ‘போகணும்’ என்று மட்டும் சொல்லவில்லை. “வியாழக்கிழமை பத்து மணிக்கு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க கூட வந்தா நல்லா இருக்கும்” என்றேன். விடுப்புக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். வெளியே வந்து மருந்தகத்தில் எண்ணுக்காகக் காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது. பின்னால் டிரெய்லர் எஞ்சின்களின் இரைச்சல்.

“வரிசையில நிக்கிறேன், இன்னும் அரை மணி நேரம் நகராது. டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் இல்லையாம்” என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

“அது வேணாம்,” என்றார். “உள்ள போனதுலேருந்து சொல்லு.”